இருநூற்று முப்பது வோல்ட் என்பது எதன் அளவு?

மயூர் விஹாரில் கோடைக்கால மின்வெட்டு பற்றி நம் சங்க அன்பர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முன்னைக்கு இப்போது குறைந்திருக்கிறது என்றாலும் ஜூன் மாத இரவில் ஒரு முறையாவது விசிறி நின்றுவிடுகிறது. ஆகையால் அநேகமாக எல்லா வீட்டிலும் ஓர் இன்வர்ட்டரும், பால்கனியில் ஒரு பேட்டரியும் இருக்கின்றன. இக்கட்டுரை அப்படிப்பட்ட ஒரு இன்வர்ட்டரில் தொடங்குகிறது. ஆனால் விஷயம் இன்வர்ட்டர் அல்ல. நம் வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் 230 வோல்ட் இருக்கிறது என்கிறோமே, அந்த 230 எதைக் குறிக்கிறது என்பதுதான் விஷயம்.

எங்கள் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பிள்ளை ஒருநாள் மாலை மேலே வந்து அழைத்தான். "மாமா, ஒரு நிமிஷம் வந்து பாருங்கோ. மிஸ்திரி ஏதோ சொல்றான், எனக்கு நம்பலாமா வேண்டாமான்னு தெரியலை" என்றான். போனேன். மிஸ்திரி இன்வர்ட்டரின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, கையில் ஒரு சிறிய மஞ்சள் நிற டிஜிட்டல் மீட்டருடன் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வரும் மின்சாரத்தை அளந்தால் மீட்டர் 229 காட்டியது. அதைத் துண்டித்து இன்வர்ட்டரை பேட்டரியில் ஓட்டினால் 181. "பாபூஜி, வோல்டேஜ் பஹுத் கம் ஹை" என்றான் மிஸ்திரி. உள்ளே இருக்கும் சிறிய பிரிசெட் திருகைத் திருப்பி 230க்குக் கொண்டுவந்துவிடுகிறேன், விசிறி நன்றாக ஓடும் என்பது அவன் யோசனை.

அந்தப் பிள்ளைக்கு இருந்த சந்தேகம் வேறு. முந்தின நாள் மின்வெட்டின்போது அவனே அதே மீட்டரை வாங்கி அளந்திருக்கிறான். தொடக்கத்தில் 180. ஒரு மணி நேரம் விசிறியும் விளக்கும் ஓடிய பிறகு 190. "பேட்டரி இறங்க இறங்க வோல்டேஜ் ஏறுமா மாமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இதற்கு விடை சொல்ல, சைன் அலையின் சராசரி என்றால் என்ன, ஆர்.எம்.எஸ். என்றால் என்ன என்று பார்த்தாக வேண்டும். பள்ளிக்கூடத்துக் கணக்குக்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ஒரு காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு படித்தால் போதும்.

வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம், அதாவது ஏ.சி. இதன் அழுத்தம் ஒரே அளவில் நிற்பதில்லை. பூஜ்யத்தில் தொடங்கி ஏறி, உச்சியைத் தொட்டு, இறங்கி மீண்டும் பூஜ்யத்துக்கு வந்து, பிறகு எதிர்த் திசையில் அதே போல் போய்த் திரும்புகிறது. இப்படி ஒரு முழுச் சுற்றுக்கு 20 மில்லி விநாடி. ஒரு விநாடியில் 50 சுற்றுகள். ஏறி இறங்கும் வடிவம்தான் சைன் அலை. கோணத்தின் சைன் மதிப்பை உச்ச அழுத்தத்தால் பெருக்கினால் அந்தக் கணத்து அழுத்தம் கிடைக்கும். நம் வீட்டில் அந்த உச்சம் 230 அல்ல, சுமார் 325 வோல்ட். அது ஏன் என்பது சற்று நேரத்தில் தெரியும்.

முதலில் இதன் சராசரியைப் பார்ப்போம். ஒரு முழுச் சுற்றை 12 பாகமாக்கி, 30 பாகைக்கு ஒரு முறை சைன் மதிப்பை எழுதிக்கொள்ளுங்கள். 0, 0.5, 0.866, 1, 0.866, 0.5 என்று முதல் பாதி. பிறகு 0, –0.5, –0.866, –1, –0.866, –0.5 என்று இரண்டாம் பாதி. கூட்டினால் விடை பூஜ்யம். மேலே எவ்வளவு பரப்போ கீழேயும் அவ்வளவே, இரண்டும் கழிந்துவிடும். சுத்தமான சைன் அலையின் ஒரு சுற்றுச் சராசரி எப்போதும் பூஜ்யம்தான். டி.சி.க்கான பழைய சுருள் மீட்டரை ஏ.சி.யில் நேரே இணைத்தால் முள் பூஜ்யத்தில் நின்று லேசாக நடுங்குவது இதனால்தான். அந்த மீட்டருக்குச் சராசரி மட்டுமே தெரியும், சராசரியோ பூஜ்யம். அந்தப் பிளக்கில் விரலை வைத்தவனிடம் போய் சராசரி பூஜ்யம் என்று சொல்ல முடியாது அல்லவா!

ஆகவே குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுத்துச் சராசரி பார்க்கலாம். கீழ்ப் பாதியை மேலே மடித்துவிட்டது போல. ரெக்டிஃபையர் டயோடுகள் செய்வது இதைத்தான். மேலே எழுதிய ஆறு எண்களையும் கூட்டினால் 3.732. ஆறால் வகுத்தால் 0.622. பாகங்களை இன்னும் நுணுக்கமாக்கி 10 பாகைக்கு ஒரு முறை எழுதினால் 0.635 வரும். மேலும் மேலும் நுணுக்கினால் 2/π, அதாவது 0.637இல் போய் நிற்கும். உச்சம் 325 என்றால் மடித்த அலையின் சராசரி 207 வோல்ட்.

இந்த 207க்கும் உபயோகம் உண்டு, ரயில்வேயில் வேலை பார்த்தவன் அதை மறக்க முடியாது. 1957இல் இந்திய ரயில்வே 25 கிலோவோல்ட் ஏ.சி. முறையைத் தேர்ந்தெடுத்த பிறகு வந்த பழைய மின் எஞ்சின்கள், உதாரணமாக டபிள்யூ.ஏ.எம்.4, டபிள்யூ.ஏ.ஜி.5 போன்றவை, மேலே கம்பியிலிருந்து ஏ.சி.யை எடுத்தாலும் அவற்றின் மோட்டார்கள் டி.சி. மோட்டார்கள். எஞ்சினுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் அழுத்தத்தைக் குறைக்கும், சிலிக்கான் ரெக்டிஃபையர் அலையை மடிக்கும். அப்படி மடிக்கப்பட்ட அலையில் மோட்டாரின் வேகத்துக்குக் கணக்காவது சராசரி அழுத்தம்தான். ஏ.சி.யின் பெயரளவு மதிப்பை 0.9ஆல் பெருக்கினால் அந்தச் சராசரி வரும். 230க்கு 207 என்பது அதே விகிதம்தான்.

ஆனால் வெந்நீர்க் கம்பிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் இந்தச் சராசரி உதவாது. ஏன் என்று பார்ப்போம். ஒரு மின்தடையில் உண்டாகும் வெப்பம், அழுத்தத்தைப் பொறுத்ததல்ல. அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தம் இரு மடங்கானால் மின்னோட்டமும் இரு மடங்காகிறது. இரண்டும் பெருகி வெப்பம் நான்கு மடங்காகிறது. அலையின் உச்சிப் பகுதி செய்யும் வேலை அதன் உயரத்துக்கு மிஞ்சியது, அடிவாரப் பகுதி செய்யும் வேலை அதன் உயரத்துக்கும் குறைவானது. எனவே முதலில் ஒவ்வொரு கணத்து அழுத்தத்தையும் வர்க்கப்படுத்தி, பிறகுதான் சராசரி எடுக்க வேண்டும்.

அதே 12 எண்களை வர்க்கப்படுத்துங்கள். 0, 0.25, 0.75, 1, 0.75, 0.25. இரண்டாம் பாதியும் அதே எண்கள்தான், ஏனெனில் குறை எண்ணை வர்க்கப்படுத்தினால் மிகை எண் ஆகிவிடும். பன்னிரண்டையும் கூட்டினால் சரியாக 6. பன்னிரண்டால் வகுத்தால் சரியாக அரை. இங்கே நுணுக்கமான பாகங்கள் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அது தற்செயல் அல்ல. சைனின் வர்க்கத்தையும் கோசைனின் வர்க்கத்தையும் கூட்டினால் எப்போதும் 1 என்று பைதாகரஸ் வழியில் பள்ளியில் படித்தோம். கோசைன் என்பது கால் சுற்று தள்ளி வைத்த சைனே. ஒரு முழுச் சுற்றில் இரண்டின் சராசரியும் சமமாகத்தான் இருக்க முடியும். சமமான இரண்டு, கூடினால் 1. ஆகவே ஒவ்வொன்றும் அரை. கால்குலஸ் இல்லாமலேயே முடிந்துவிட்டது. டிப்ளமா வகுப்பில் இதை எங்களுக்குத் தொகையீடு போட்டு அரைப் பக்கம் எழுத வைத்தார்கள். இந்தக் குறுக்கு வழியை எனக்குப் பிற்பாடு பணிமனையில் ஒரு மூத்த சார்ஜ்மேன் சொல்லிக் கொடுத்தார்.

வர்க்கத்தின் சராசரி அரை. மீண்டும் வோல்ட்டுக்குத் திரும்ப அதன் வர்க்கமூலத்தை எடுக்க வேண்டும். அரையின் வர்க்கமூலம் 0.707. இதுதான் ஆர்.எம்.எஸ். மதிப்பு. பாடப் புத்தகத்தில் இதைச் சராசரி இருமடி மூலம் என்கிறார்கள். பெயரிலேயே செய்முறை இருக்கிறது. இருமடியாக்கு, சராசரி எடு, மூலம் காண்.

325 × 0.707 = 230

நம் 230 வோல்ட் இங்கேதான் பிறக்கிறது. 230 வோல்ட் டி.சி. ஒரு வெந்நீர்க் கம்பியை எவ்வளவு சூடாக்குமோ, அதே அளவு சூடாக்கும் ஏ.சி. என்பதே அதற்குப் பொருள். 1000 வாட் கம்பியை எடுத்துக்கொள்வோம். அதன் மின்தடை சுமார் 53 ஓம். அலை 325இல் இருக்கும் கணத்தில் அது 2000 வாட் இழுக்கிறது. பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில் ஒன்றும் இழுப்பதில்லை. விநாடிக்கு 100 முறை இப்படி 0க்கும் 2000க்கும் இடையே ஊஞ்சலாடி, சராசரியில் 1000 வாட் ஆகிறது. பாத்திரத்துத் தண்ணீருக்கு இந்த ஊசலாட்டம் தெரியாது.

டி.சி.க்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயில் 1931இல் தொடங்கியபோது 1500 வோல்ட் டி.சி.யில் ஓடியது. அங்கே உச்சம், சராசரி, ஆர்.எம்.எஸ். மூன்றும் ஒன்றே. இன்று நம் மயூர் விஹார் மெட்ரோவின் மேலே போகும் கம்பியில் 25 கிலோவோல்ட் என்றால் அது ஆர்.எம்.எஸ். அதன் உச்சம் 35 கிலோவோல்ட்டுக்குச் சற்று மேல். வெப்பத்துக்கு 25ஐக் கணக்கில் கொள்ளலாம். ஆனால் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர் தாக்குப்பிடிக்க வேண்டியது 35ஐ.

இனி மீட்டருக்கு வருவோம். ஆர்.எம்.எஸ்.ஸை நேரே அளக்க வேண்டுமானால் மீட்டர் வெப்பத்தை உணர வேண்டும், அல்லது வர்க்கக் கணக்கைப் போட வேண்டும். கார்டியூ என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் 1880களில் செய்த வோல்ட்மீட்டரில் ஒரு மெல்லிய கம்பி சூடாகி நீள்வதை வைத்தே முள் நகர்ந்தது. அது உண்மையான ஆர்.எம்.எஸ். மீட்டர். ஆனால் மலிவான மீட்டர் செய்பவர்கள் வேறு வழி கண்டார்கள். அலையை டயோடால் மடித்துச் சராசரியை அளப்பது சுலபம். சைன் அலையில் சராசரி 0.637, ஆர்.எம்.எஸ். 0.707. இரண்டுக்கும் விகிதம் 1.11. ஆகவே சராசரியை அளந்து, 1.11ஆல் பெருக்கி, அதை வோல்ட் என்று காட்டிவிடலாம். பணிமனைகளில் நாங்கள் நம்பியிருந்த பழைய ஏவோ மீட்டர்கூட இந்த ஜாதிதான், முகப்பில் அளவுகோலையே அதற்கேற்றபடி கோடிட்டிருந்தார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அலை சைனாக இருக்கும் வரை விடை சரி. சைனாக இல்லாவிட்டால், அந்த 1.11க்கு எந்த ஆதாரமும் இல்லை.

கீழ்த்தள வீட்டு இன்வர்ட்டர் சைன் அலை தருவது அல்ல. விலை குறைந்த ரகம். பேட்டரியின் டி.சி.யை டிரான்ஸ்ஃபார்மரில் இப்படியும் அப்படியும் மாற்றி மாற்றிச் செலுத்தி, சதுரமான துடிப்புகளைத் தருகிறது. அரைச் சுற்றான 10 மில்லி விநாடியில் சுமார் 5 மில்லி விநாடி 325 வோல்ட், மீதி 5 மில்லி விநாடி பூஜ்யம். அடுத்த அரைச் சுற்றில் அதுவே எதிர்த் திசையில். இதன் ஆர்.எம்.எஸ். என்ன? பாதி நேரம் 325இன் வர்க்கம், பாதி நேரம் பூஜ்யம். சராசரி, 325இன் வர்க்கத்தில் பாதி. மூலம் எடுத்தால் சைன் அலைக்கு வந்த அதே 230. செய்தவர்கள் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். உச்சமும் ஆர்.எம்.எஸ்.ஸும் இரண்டுமே வீட்டு மின்சாரத்தோடு பொருந்தும்படி அமைத்திருக்கிறார்கள்.

ஆனால் மடித்த சராசரி? பாதி நேரம் 325, பாதி நேரம் 0. சராசரி 162.5. மிஸ்திரியின் மஞ்சள் மீட்டர் இதை 1.11ஆல் பெருக்கும். வருவது 180. இன்வர்ட்டரில் குறையே இல்லை, 230 வோல்ட் வெப்ப மதிப்பைத்தான் தந்துகொண்டிருக்கிறது.

சரி, பேட்டரி இறங்க இறங்க 190 ஆனது எப்படி? பேட்டரி 12.6 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் தரும் உச்சமும் அதே விகிதத்தில் 325லிருந்து 309 ஆகிவிடும். அதை ஈடுகட்ட இந்த இன்வர்ட்டரின் கட்டுப்பாட்டுச் சுற்று துடிப்பை அகலமாக்குகிறது. 5 மில்லி விநாடி 5.5க்குச் சற்று மேல் ஆகிறது. உயரம் குறைந்து அகலம் கூடியதால் ஆர்.எம்.எஸ். அதே 230இல் நிற்கிறது. ஆனால் சராசரி 309இல் 55 சதவீதம், அதாவது சுமார் 171. அதை 1.11ஆல் பெருக்கினால் 190! மீட்டர் ஏறியதே தவிர வோல்டேஜ் ஏறவில்லை. அந்தப் பிள்ளை தாளில் இதைப் போட்டுப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

மிஸ்திரிக்கு இதை எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. பதினைந்து வருஷமாக இந்த வேலை செய்கிறவன், கையில் இருக்கும் மீட்டரை நம்பாமல் ஒரு கிழவனின் பென்சில் கணக்கை ஏன் நம்ப வேண்டும்? மாடிக்குப் போய் என் பெட்டியிலிருந்து பழைய 60 வாட் குண்டு பல்புகள் இரண்டை எடுத்து வந்தேன். ஒரே கம்பெனி, ஒரே பெட்டி. இழை பல்பு என்பது வெறும் சூடான கம்பிதான், அதனால் அது ஏமாறாத ஆர்.எம்.எஸ். மீட்டர். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, அதற்குள் ஒரு மின்னணுச் சுற்று இருந்து வெளிச்சத்தைச் சமப்படுத்திவிடும்.

இன்வர்ட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்தோம், ஏனெனில் மின்சாரம் இருக்கும்போது அது இன்வர்ட்டர் வழியே அப்படியே கடந்து போகும். இப்போது ஒரு பல்பு பேட்டரியில் ஓடும் இன்வர்ட்டரில். மற்றது இன்வர்ட்டர் லைனில் சேராத சமையலறைப் பிளக்கிலிருந்து நீட்டிக் கொண்டுவந்த ஒயரில். அறை விளக்கை அணைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒன்றுபோல் எரிந்தன. பல்புகளை இடம் மாற்றிப் போட்டும் பார்த்தோம், அப்போதும் வித்தியாசம் தெரியவில்லை. 181 என்று மிஸ்திரியின் மீட்டர் சொன்னது உண்மையானால், இன்வர்ட்டர் பல்பு பாதி வெளிச்சத்துக்கும் கீழே மஞ்சளாக மங்கியிருக்க வேண்டும்.

பிறகு நானே மிஸ்திரியிடம், "இப்போது நீ சொன்னபடி பிரிசெட்டைத் திருப்பு" என்றேன். வேறு எந்தச் சாமானும் அந்த லைனில் இல்லாதபடி முதலில் பார்த்துக்கொண்டோம். அவன் திருப்பத் திருப்ப மீட்டர் 190, 205, 220 என்று ஏறி 230 வந்தது. பல்பு சமையலறைப் பல்பைத் தாண்டி வெள்ளையாக ஜொலித்தது. மிஸ்திரி பல்பைப் பார்த்தான், மீட்டரைப் பார்த்தான், மறுபடியும் பல்பைப் பார்த்தான். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் அவனே திருப்பி இறக்கிவிட்டான்.

என்ன நடந்தது என்று கணக்கில் பார்ப்போம். மீட்டர் 230 காட்ட வேண்டுமானால் சராசரி 207 ஆக வேண்டும். உச்சம் 325 என்பதால் துடிப்பு அரைச் சுற்றில் 64 சதவீத நேரம் நீள வேண்டும். அப்போது ஆர்.எம்.எஸ். 325ஐ 0.64இன் மூலத்தால், அதாவது 0.8ஆல் பெருக்கியது: 260 வோல்ட். பழைய இந்திய மின்சார விதிகளில் (1956) வீட்டு மின்சாரத்துக்கு அனுமதித்த ஏற்ற இறக்கம் 6 சதவீதம், அதாவது 230க்கு 216 முதல் 244 வரை. 260 அதற்கும் மேலே. மாறாத தடையுள்ள ஒரு வெந்நீர்க் கம்பியில் வெப்பம் ஏறக்குறைய 28 சதவீதம் கூடும். இழை பல்பின் ஆயுள் சுமார் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். இரவு முழுதும் ஓடும் விசிறியின் சுருளும், சிறிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சாமான்களும் அதிகமாகச் சுடும். பேட்டரியும் சீக்கிரம் தீரும். இத்தனையும் நடந்துகொண்டிருக்க, மீட்டர் மட்டும் சாதுவாக 230 என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

மறுநாள் என்னுடன் வேலை பார்த்த நண்பர் ஒருவரிடமிருந்து ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கி வந்து அளந்தோம். இது அலையை ஒரு சுற்றில் பலமுறை மாதிரி எடுத்து, நாம் மேலே பென்சிலால் செய்த அதே வர்க்கக் கணக்கை உள்ளே போட்டுக்கொள்ளும் ரகம். வீட்டு மின்சாரம் 230, இன்வர்ட்டர் 231. பேட்டரி இறங்கிய பிறகும் 230. மீட்டர் வாங்க நினைப்பவர்கள் முகப்பில் இந்த இரண்டு சொற்கள் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது சராசரி ரகம் என்றே வைத்துக்கொள்ளலாம். மீட்டரை உயிர்க்கம்பியில் வைத்துப் பழகாதவர்கள் தயவுசெய்து இந்தச் சோதனைகளைத் தாங்களே செய்ய வேண்டாம்.

ஒரு சிறு விஷயம். வீட்டுக்கு வரும் மின்சாரம்கூட இப்போது முற்றிலும் சைன் அல்ல. டி.வி., கணினி, எல்.இ.டி. போன்றவை அலையின் உச்சிக்கு அருகில் மட்டும் மின்னோட்டத்தை இழுப்பதால் உச்சி சற்றுத் தட்டையாகிவிடுகிறது. எங்கள் வீட்டிலேயே மாலையில் இரண்டு மீட்டர்களுக்கும் இரண்டொரு வோல்ட் வித்தியாசம் பார்த்திருக்கிறேன். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

கடைசியில் அந்தப் பிள்ளை கேட்டான்: "அப்போ விசிறி மெதுவா ஓடறதும் முனகறதும் என் பிரமையா மாமா?" பிரமை அல்ல, அது நிஜம். மிஸ்திரி கவனித்த குறை சரிதான், அதற்கு அவன் சொன்ன காரணம்தான் தவறு. ஆர்.எம்.எஸ். என்பது வெப்பத்தின் அளவு. விசிறி மோட்டாரைச் சுழற்றுவதோ, அந்தச் சதுர அலைக்குள் ஒளிந்திருக்கும் 50 சுற்று சைன் பகுதி மட்டுமே. பாதி நேரத் துடிப்பு அலையைப் பிரித்துப் பார்த்தால் அந்த சைன் பகுதி 207 வோல்ட்தான் வரும். (எண் ஒன்றாக இருக்கிறதே தவிர மேலே வந்த சராசரி 207 வேறு, இது வேறு.) மீதியெல்லாம் 150 சுற்று, 250 சுற்று என்று வேகமான அலைகள். அவை விசிறியைச் சுழற்ற உதவாமல் முனகலாகவும் சூடாகவும் போகின்றன. ஆகவே விசிறி 207 வோல்ட்டில் ஓடுவது போல் சற்று மெதுவாக ஓடும், 230 வோல்ட்டுக்கு உரிய சூட்டுக்கு மேலும் கொஞ்சம் சுடும். பிரிசெட்டைத் திருப்பினால் வேகம் சிறிது கூடும் என்பது உண்மையே. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை மேலே பார்த்த 260 வோல்ட்.

இதற்கு வழி அலையின் வடிவத்தை மாற்றுவதே. தீபாவளிக்கு முன் அந்த வீட்டில் பழைய இன்வர்ட்டரைக் கொடுத்துவிட்டு சைன் அலை இன்வர்ட்டர் வாங்கினார்கள். மாட்ட வந்தவன் அதே மிஸ்திரி, கையில் அதே மஞ்சள் மீட்டர். பேட்டரி நிறைந்திருக்கும்போது 229 காட்டியது. இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகு அளந்தபோதும் 229தான்.